கொடியேற்றத்துக்கு முன்னாடி வர்றவங்க: திருவண்ணாமலையின் எல்லைத் தெய்வங்கள்

உள்ளூர் வரலாற்றுப் பாடத்தில் 'கிராமத் தெய்வ வழிபாடும் ஆகமக் கோயில் வழிபாடும், ஒப்பிடுக' என்று ஒரு பகுதி வரும். பெரும்பாலும் இரண்டு பத்தி அட்டவணை போட்டு முடிச்சிடுவோம்: அங்கே பூசாரி, இங்கே சிவாச்சாரியார், அங்கே கிடா, இங்கே சர்க்கரைப் பொங்கல். தப்பில்லை. ஆனா இந்த இரண்டும் ஒரே ஊரில், ஒரே திருவிழாவில் எப்படிச் சேர்ந்து இருக்குன்னு அட்டவணை சொல்லாது. அதைத்தான் இன்றைக்குத் திருவண்ணாமலையை வைத்துப் பார்க்கப் போறோம்.

கார்த்திகை தீபத் திருவிழா பத்து நாள். கொடியேற்றம் முதல் நாள், மலைமேல் மகாதீபம் பத்தாம் நாள். ஆனா கொடியேற்றத்துக்கு முன்னாடியே மூன்று நாள் விழா நடக்குது. முதல் நாள் சின்னக்கடைத் தெருவில் உள்ள துர்க்கையம்மனுக்கு உற்சவம். இரண்டாம் நாள் பிடாரியம்மன், மூன்றாம் நாள் விநாயகர். இதை ஊரில் எல்லைத் தெய்வ வழிபாடுன்னு சொல்றாங்க. விழா எந்த இடையூறும் இல்லாமல் நடக்கணும்னா எல்லையில் இருப்பவளிடம் முதலில் கேட்கணும் என்பது கருத்து. அண்ணாமலையாரே அவளுக்கு அப்புறம்தான் வீதிக்கு வர்றார்.

இதில் பிடாரியைக் கவனிங்க. அவளை நாம ஊர்க்கோடியில், ஏரிக்கரையில் எதிர்பார்ப்போம். அவள் இந்த ஊருக்கு மட்டும் உரியவளும் இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி, ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் நிலக் கணக்கைக் கல்லில் வெட்டினாங்க. வரி போடாமல் கழித்துவிட்ட இடங்களும் அதில் வரும்: குடியிருப்பு நத்தம், குளம், சுடுகாடு. சில ஊர்களில் பிடாரி கோயிலும் அந்த வரிசையில் இருக்கு. அதாவது, பெருங்கோயில் ஊரின் நெல்லை எடுத்துக்கொண்டபோதும் பிடாரியின் இடத்தைத் தொடவில்லை. அரசு ஆவணமே அவளுக்கென்று ஒரு இடம் உண்டுன்னு ஒத்துக்கிட்டிருக்கு.

இங்கே அண்ணாமலையில் அவள் பெரிய கோயில் வளாகத்துக்குள்ளேயே இருக்கா. உள்ளே வந்ததுக்கு ஒரு விலை உண்டு: உற்சவம், வாகனம், வீதியுலா எல்லாம் கிடைச்சது, ரத்தப் பலி போயிடுச்சு.

அப்போ பெருந்தெய்வம் சிறுதெய்வத்தை விழுங்கிடுச்சா? அவ்வளவு சுலபமா சொல்ல முடியாது. பச்சையம்மனைப் பாருங்க. பார்வதி சிவனின் கண்ணைப் பொத்தினாள், உலகம் இருண்டது, அதற்காகக் காஞ்சியில் தவம் செய்து, அண்ணாமலைக்கு வந்து இடப்பாகம் பெற்றாள் என்பது தலபுராணக் கதை. தீபத்தன்று மாலை அர்த்தநாரீஸ்வரர் சில நிமிஷம் மட்டும் வெளியே வந்து காட்சி தருவது இந்தக் கதையின் முடிவுதான். அதே கதையைக் கிராமம் வேறு மாதிரி சொல்லுது. காஞ்சியிலிருந்து வரும் வழியில், ஆரணிப் பக்கம் வாழைப்பந்தலில், அம்மன் மணலில் லிங்கம் பிடிச்சு வழிபட்டாள், அவள்தான் பச்சையம்மன். காஞ்சிக்கும் அண்ணாமலைக்கும் நடுவில் உள்ள பாதையில் கிராமம் தன் கோயிலை வைத்துவிட்டது. காவலுக்கு வாழ்முனி, செம்முனி என்று முனிகளையும் உட்கார வைத்தது. திருவண்ணாமலை மலையடிவாரத்துப் பச்சையம்மன் கோயிலிலும் அந்த முனிகளைப் பார்க்கலாம்.

பலி விஷயத்திலும் இந்த ஏற்பாடு தெரியும். பச்சையம்மன் சைவம். கிடா வெட்டினால் அது முனிக்கு. இப்படிச் சைவ சாமியும் அசைவ சாமியும் ஒரே வளாகத்தில் இருக்கும் பல ஊர்க் கோயில்களில், பலி நேரத்தில் சைவ சாமிக்குத் திரை போடுவாங்க. இரண்டு முறையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்குது, நடுவில் ஒரு துணிதான்.

இந்தத் துணி அரசியலாகவும் ஆகியிருக்கு. கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் சட்டம் 1950-லேயே வந்தது; பெரும்பாலும் ஏட்டில் கிடந்தது. 2003 ஆகஸ்டில் அதைக் கறாராக அமல்படுத்தச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கிடாவை என்ன செய்வது என்ற கேள்வி வீடு வீடாக எழுந்தது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2004 பிப்ரவரியில் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. ஒரு கோயிலின் முறையை எல்லாக் கோயிலுக்கும் பொதுவாக்கப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

உங்க ஊர்க் கோயிலுக்குப் போய்ப் பாடத்துக்குக் குறிப்பு எடுக்கும்போது, 'இது சிறுதெய்வமா பெருந்தெய்வமா'ன்னு கேட்காதீங்க. பெயர்ப்பலகை ஏமாற்றும், பிடாரி கோயிலில் 'பராசக்தி'ன்னு எழுதியிருக்கலாம். நாலு கேள்வி போதும்: பூசை யார் செய்றாங்க? படையல் எது, யாருக்கு? சாமி எந்தத் திசையைப் பார்க்குது, ஊரையா எல்லையையா? பெரிய கோயில் விழாவில் இவளுக்கு எந்த நாள்? கடைசிக் கேள்விக்குப் பதில் 'கொடியேற்றத்துக்கு முந்தி' என்று வந்தால், பழைய எல்லைக்காரியைக் கண்டுபிடிச்சிட்டீங்கன்னு நினைக்க நல்ல காரணம் இருக்கு.