சுழியமிகை எண்ணிக்கை மாதிரிகள்

கணக்கெடுப்பில் பெரும்பாலான இடங்களில் ஓர் இனம் தென்படாதபோது, அந்த எண்ணிக்கைகளை ஆராய உதவும் புள்ளியியல் மாதிரிகள். இவை சுழியங்களை இரு வகையாகக் கொள்கின்றன: அந்த இனம் வாழவே இயலாத இடத்தின் சுழியம், வாழும் இடத்திலும் தற்செயலாக விழும் சுழியம். முதல் வகையின் நிகழ்தகவும் இரண்டாவதன் சராசரியும் சேர்த்தே மதிப்பிடப்படுகின்றன.

சுழியங்கள் ஏராளம் என்பது மட்டுமே இம்மாதிரிக்குப் போதிய காரணமாகாது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலையோடைகளில், நிலக்கரிச் சுரங்கத்தின் பாதிப்பை அறிய 23 இடங்களில் சாலமாண்டர்கள் எண்ணப்பட்டன. 644 பதிவுகளில் ஏறத்தாழ 60% சுழியம். சராசரி சுமார் 1.3. இச்சராசரிக்குப் பாய்சான் பரவல் தருவது 27% சுழியமே. ஆனால் எதிர்மறை ஈருறுப்புப் பரவலில் சிதறல் அளவுரு 0.3 என வைத்தால், மிகைப் பகுதி எதுவுமின்றியே 60% வந்துவிடுகிறது.

ஆகவே முதலில் எளிய எதிர்மறை ஈருறுப்பு மாதிரியைப் பொருத்தி, அதிலிருந்து போலித்தரவுகள் உருவாக்கிச் சுழியங்களை ஒப்பிட வேண்டும். போலித்தரவுகளில் சுழியங்கள் அப்போதும் குறைந்தால், சுரங்கம் போன்ற தெளிவான காரணியைச் சுழியப் பகுதியில் சேர்க்கலாம்:

```
glmmTMB(count ~ spp + mined + (1|site),
        ziformula = ~mined,
        family = nbinom2, data = Salamanders)
```

சுழியப் பகுதியில் மாறிலி மட்டும் இருக்கையில் அதன் கெழு பெரிய எதிர்மறையாகி, திட்டப்பிழையும் பெருத்தால் அப்பகுதி தேவையற்றது. சுழியப் பகுதி உள்ள, இல்லாத மாதிரிகளை ஒப்பிட வூவாங் சோதனையைக் கையாள்வது பரவலான தவறு. ஓரிடத்தில் இருந்தும் கண்ணில் படாத உயிரினங்களை இம்மாதிரி தனியே பிரித்தறியாது. அதற்கு மறுவருகைத் தரவும் கண்டறிதல் நிகழ்தகவு கொண்ட மாதிரியும் வேண்டும்.