கட்டிலிலிருந்து வேலைக்கு: மாரடைப்புக்குப் பிந்தைய மறுவாழ்வு உருவான விதம்

மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் அசையவிடாமல் படுக்க வைப்பது இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் எழுதாத சட்டமாகவே இருந்தது. உணவைக்கூடச் செவிலியர் ஊட்டினார்கள். 1939இல் அமெரிக்காவில் மாலரியும் பால் டட்லி ஒயிட்டும் இறந்தவர்களின் இதயத் தசையை ஆராய்ந்து, சிறு காயம் ஆற ஐந்து வாரமளவும் பெரிய காயம் ஆற இரண்டு மாதமும் ஆகும் என்று கண்டபோது, அந்தச் சட்டத்துக்கு அறிவியல் ஆதாரமும் கிடைத்துவிட்டது. தசைத் தழும்புக்கு வேண்டிய காலத்தை நோயாளி முழுமைக்கும் வேண்டிய காலமாக எடுத்துக்கொண்டதில்தான் கோளாறு. படுத்தே கிடந்தவர்களின் கால் சிரைகளில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்கு ஓடிப் பலரைக் கொன்றது. அந்த இறப்புகளும் இதயத்தின் கணக்கிலேயே எழுதப்பட்டிருக்கக்கூடும்.

இந்தப் படுக்கை ஓய்வைத் துணிந்து எதிர்த்த முன்னோடிகளில் ஒருவர் பாஸ்டன் மருத்துவர் சாமுவேல் லெவின். அவரும் இளம் மருத்துவர் பெர்னார்ட் லவுனும் 81 நோயாளிகளை முதல் சில நாட்களிலேயே கட்டிலிலிருந்து தூக்கிச் சாய்வு நாற்காலியில் அமர்த்தினார்கள். 1952இல் முடிவை வெளியிட்டார்கள். காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் இரத்தத்தில் ஒரு பகுதி காலிலேயே தங்கும், இதயத்துக்குத் திரும்பும் சுமை குறையும் என்பது லெவினின் வாதம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத ஆய்வு அது. இன்றைய அளவுகோலில் தேறாது. ஆனால் உட்கார்ந்தவர்களுக்கு அஞ்சிய ஆபத்து எதுவும் நேரவில்லை என்பதே அப்போது பெரிய செய்தி.

1966இல் டல்லாஸில் நடந்த ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்க வைத்தார்கள். உச்ச உழைப்பில் அவர்களின் உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் கால் பங்குக்கும் மேல் குறைந்துபோனது. நோயே இல்லாதவர்களுக்கு இந்தக் கதி என்றால், நோயாளியின் பலவீனத்தில் எவ்வளவு நோயால் வந்தது, எவ்வளவு ஓய்வால் வந்தது என்ற கேள்வி எழுந்தே தீரும்.

உடற்பயிற்சி நல்லது என்று முடிவானபின் அளவுதான் சிக்கலாயிற்று. பின்லாந்தின் கார்வோனன் 1957இல் தந்த கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு மாதிரி நோயாளியை எடுத்துக்கொள்வோம்: வயது 52, ஓய்வில் நாடித்துடிப்பு 68, பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறார், டிரெட்மில் பரிசோதனையில் உச்சத் துடிப்பு 138. இரண்டுக்கும் இடைவெளி 70. அதில் 40 முதல் 60 சதவீதத்தை ஓய்வுத் துடிப்போடு கூட்டினால் 96 முதல் 110 வரை. தொடக்கப் பயிற்சிக்கு இதுவே எல்லை. பரிசோதனை செய்யாமல், 220இலிருந்து வயதைக் கழிக்கும் பழக்கப்படி உச்சத்தை 168 என்று வைத்தால் எல்லை 108 முதல் 128 ஆகிவிடும். மாத்திரை துடிப்பை அடக்கி வைத்திருக்கும்போது 128ஐ எட்ட அவர் ஏறக்குறைய முழு மூச்சோடு ஓட வேண்டியிருக்கும். நடக்கும்போது தொடர்ந்து பேச முடிகிறதா என்பதையும் கவனிக்கச் சொல்வது இதனால்தான்.

பயிற்சி மட்டும் போதுமா என்பதில் வரலாறு அவ்வளவு தெளிவாகப் பேசவில்லை. எழுபதுகள், எண்பதுகளில் நடந்த சிறு ஆய்வுகளைச் சேர்த்துக் கூட்டியபோது இறப்பு ஐந்தில் ஒரு பங்களவு குறைந்ததாகத் தெரிந்தது. 1994இல் ஸ்கண்டிநேவிய ஆய்வு, சிம்வாஸ்டாட்டின் மாத்திரை கொழுப்பைக் குறைப்பதோடு இறப்பையும் சுமார் 30 சதவீதம் குறைக்கிறது என்று நிறுவியது. இரத்த அழுத்தத்துக்கும் இரத்தம் உறைவதைத் தடுக்கவும் மருந்துகள் கூடின; அடைப்பை உடனே திறக்கும் சிகிச்சையும் வந்தது. அதன்பின் 2012இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், மறுவாழ்வுத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கும் சேராதவர்களுக்கும் இறப்பில் வித்தியாசமே தெரியவில்லை. திட்டம் வீண் என்று இதைப் படிப்பது அவசரம் என்றே நினைக்கிறேன். பயிற்சி முன்பு தனித்துச் செய்ததில் ஒரு பகுதியை மாத்திரைகள் எடுத்துக்கொண்டன. அந்த மாத்திரைகளை விடாமல் சாப்பிட வைப்பதும் புகையை நிறுத்த வைப்பதும் இப்போது மறுவாழ்வுக் கூடத்தின் வேலையில் பாதி.

வேலைக்குத் திரும்புவதில் அளவீட்டின் பலன் தெளிவாகவே தெரிந்தது. 1988இல் வெளியான கலிபோர்னிய ஆய்வில், சிக்கலில்லாத மாரடைப்புக்கு மூன்று வாரம் கழித்து டிரெட்மில் பரிசோதனை செய்து, இன்ன நாளில் வேலைக்குப் போகலாம் என்று மருத்துவருக்கும் நோயாளிக்கும் சொன்னார்கள். அவர்கள் 51 நாளில் திரும்பினார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 75 நாளாயிற்று. அந்த 24 நாள் இதயம் கேட்டதாகத் தெரியவில்லை. அச்சத்துக்குப் போன நாட்கள் அவை.

நம் மாதிரி நோயாளி ஒரு கிடங்கில் கணக்கு எழுதுபவர், இடையிடையே மூட்டையும் தூக்குவார் என்று வைத்துக்கொள்வோம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் ஆக்சிஜனை 1 மெட் என்பார்கள். பரிசோதனையில் அவர் 7 மெட் எட்டினார். நாள் முழுதும் செய்யும் வேலை உச்சத்தில் 40 சதவீதத்துக்குள், அதாவது 2.8 மெட்டுக்குள் இருக்க வேண்டும். மேசை வேலைக்கு 2 மெட்கூட வேண்டாம் என்பதால் கணக்கு எழுத அவர் உடனே போகலாம். மூட்டைக்கு அந்த எண்ணை நம்ப முடியாது. டிரெட்மில் அளப்பது கால்களின் உழைப்பை. மூட்டை தூக்குகிறவர் மூச்சை அடக்கிக் கையால் இழுக்கிறார், இரத்த அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. ஆகவே கூடத்திலேயே எடையைப் படிப்படியாகக் கூட்டித் தூக்க வைத்து, அழுத்தத்தையும் இதயத்துடிப்பு வரைபடத்தையும் பார்த்த பிறகே, எத்தனை கிலோ வரை என்று சான்றிதழில் எழுதித் தர வேண்டும்.