பாஸ்புக் வைத்திருந்த மருந்தகம்

பொழிச்சலூரில் எங்கள் எதிர்வீட்டு அம்மா, அரசு மருத்துவமனையில் வாங்கிய பிரஷர் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். "சார், காசு வாங்காம குடுக்கறாங்க, இது வேலை செய்யுமா? கடையில வேற பேர்ல பளபளன்னு இருக்கே." அட்டையில் தமிழ்நாடு அரசு வழங்கியது, விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்டிருந்தது. அம்லோடிபின், 5 மில்லிகிராம். அரசு மருந்தகத்தில் முப்பது வருஷம் மாத்திரை எண்ணிக் கொடுத்தவன் நான். "செய்யும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஏன் செய்யும் என்று சொல்ல அரை நாள் ஆகும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் விலை ஒப்பந்தம் என்ற முறை இருந்தது. தலைமை அலுவலகம் விலையை மட்டும் முடிவு செய்யும். ஆர்டர் போடுவதும் பணம் கொடுப்பதும் அந்தந்த மருத்துவமனையின் பாடு. பணம் தாமதமாகும், கம்பெனியும் தாமதிக்கும். அலமாரியில் டானிக்கும் இருமல் மருந்தும் வரிசையாக நிற்கும், அவசரத்துக்கு ஆன்டிபயாடிக் இருக்காது. இதை மாற்றத்தான் 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவானது. பூர்ணலிங்கம் ஐ.ஏ.எஸ். அதன் முதல் நிர்வாக இயக்குநர்.

அத்தியாவசிய மருந்துப் பட்டியல் அப்போது புதிய யோசனை இல்லை. உலக சுகாதார நிறுவனம் தன் முதல் பட்டியலை 1977-இல் வெளியிட்டது, இருநூறு சொச்சம் மருந்துகள். அதற்கும் முன்பே இலங்கையில் சேனக பிபிலே இறக்குமதி மருந்துகளைக் கடுமையாகக் குறைத்துக் காட்டியிருந்தார். தமிழ்நாட்டில் புதிது, பட்டியலையும் பணத்தையும் கிடங்கையும் ஒன்றாகக் கட்டியதுதான். வாங்கும் பணத்தில் ஏறக்குறைய தொண்ணூறு சதவீதம் பட்டியல் மருந்துக்கு, மீதி பத்து உள்ளூர்க் கொள்முதலுக்கு. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். மாவட்டக் கிடங்கில் மருந்து எடுக்கும்போதெல்லாம் அதன் மதிப்பை அதில் கழிப்பார்கள். பேங்க் பாஸ்புக் மாதிரியேதான். ஒரு டானிக் எடுத்தால் எந்த மாத்திரைக்கான பணம் போகிறது என்பது எங்களுக்கு முதல்முறையாகக் கண்ணில் பட்டது.

சரி, எதிர்வீட்டு அம்மாவின் அம்லோடிபின் எப்படிப் பட்டியலில் நிற்கிறது? அதைச் சாப்பிடும் சிலருக்குக் கால் வீங்கும். "சில்னிடிபின் கொடுங்க, வீக்கம் குறைவு" என்று மருந்துப் பிரதிநிதிகள் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் தேர்வுக்குழு கேட்க வேண்டிய கேள்வி வேறு: பக்கவாதத்தையும் மாரடைப்பையும் தடுத்ததற்கு எதற்கு அதிக ஆதாரம்? 33,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்தி 2002-இல் முடிவு வெளியான ஆல்ஹாட் ஆய்வில் சோதிக்கப்பட்ட மருந்துகளில் அம்லோடிபினும் ஒன்று. அதோடு அது உடம்பில் ஒரு நாளைக்கு மேல் நிற்கும். கூலி வேலைக்குப் போகிறவர் ஒருவேளை மறந்தாலும் பிரஷர் உடனே ஏறிவிடாது. வீக்கம் வந்தால் அளவைக் குறைக்கலாம், அல்லது எனலாப்ரில் சேர்க்கலாம். ஒரே வேலைக்கு இரண்டு மருந்தைப் பட்டியலில் வைத்தால் கொள்முதல் அளவு பிரிந்துபோகும், பேரம் பேசும் பலமும் போய்விடும்.

டெண்டரில் இரண்டு உறைகள். முதல் உறையில் தொழிற்சாலைத் தகுதி, தயாரிப்புத் தரச் சான்று, விற்பனை அளவு, சந்தை அனுபவம். அதில் தேறியவர்களுக்கு மட்டுமே விலை உறை திறக்கும். சரக்கு வந்ததும் உடனே எங்களுக்குத் தர மாட்டார்கள். ஒவ்வொரு பேட்ச்சிலும் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து, குறியீட்டு எண் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். யாருடைய மாத்திரை என்று ஆய்வகத்துக்கே தெரியாது. தேறும்வரை சரக்கு கிடங்கில் ஒதுங்கியே இருக்கும்.

தவறு நேர்வது பெரும்பாலும் அளவுக் கணக்கில்தான். என் மருந்தகத்திலும் நேர்ந்தது. ஒரு மருந்து வருஷத்தில் 9,000 மாத்திரை போயிருந்தது. மாதம் 750 என்று எழுதி அனுப்பினேன். ஆனால் அந்த வருஷத்தில் மூன்று மாதம் அந்த மருந்து இல்லவே இல்லை. ஒன்பதால் வகுத்திருந்தால் 1,000. இல்லாத மாதங்களையும் சேர்த்து வகுத்ததால், அடுத்த வருஷமும் தட்டுப்பாட்டை நானே எழுதிக்கொடுத்தேன். கிடங்கில் இருந்த பெரியவர்தான் பிடித்தார்: "தம்பி, ஸ்டாக் இல்லாத மாசத்துல நோயாளி இல்லாம போயிட்டானா?"

பட்டியலாலும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. அரிதான நோய்க்காரருக்கு அந்தப் பத்து சதவீதமே வழி, அது ஆண்டுக் கடைசியில் வறண்டுவிடும். பட்டியலுக்கு வெளியே எழுதும் டாக்டரைப் பாஸ்புக் தடுக்காது. சீட்டு வெளிக்கடைக்குப் போகும், அவ்வளவுதான். ஆனாலும் கேரளமும் ராஜஸ்தானும் பிறகு இதே மாதிரி கழகங்களை அமைத்துக்கொண்டன.

போன வாரம் அந்த அம்மா மறுபடி வந்தார். பிரஷர் 130-க்கு இறங்கியிருக்கிறதாம். ஆனால் கணுக்கால் லேசாக வீங்கியிருந்தது. "நிறுத்திடாதீங்கம்மா, டாக்டர்கிட்ட காலைக் காட்டுங்க" என்றேன். "கடை மாத்திரைக்கு மாத்திடுவாரா?" என்று கேட்டார். சீட்டில் எனலாப்ரில் எழுதி வந்தது. அதுவும் அதே அரசு அட்டையில்தான் இருந்தது.