இரும்பா, ஈயமா? தண்ணீரைக் கேளுங்கள்

கொதிநீரில் கிடந்த உலோகத் துண்டை எடுத்துக் குளிர்ந்த நீரில் போட வேண்டும். நீர் எத்தனை டிகிரி ஏறியது என்று பார்த்து, அந்த உலோகம் எது என்று சொல்ல வேண்டும். பள்ளி ஆய்வகத்தில் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்தச் சோதனைக்குப் பின்னால் ஐம்பது ஆண்டுக் குழப்பம் இருக்கிறது. அந்தக் குழப்பத்தைத் தொடங்கிவைத்தது பாதரசம்.

நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்த மருத்துவர் போயர்ஹாவே, வெப்பம் பொருள்களுக்குள் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று தெரிந்துகொள்ள விரும்பினார். வெப்பநிலைமானி செய்வதில் பேர்போன ஃபாரன்ஹீட்டிடம் ஒரு சோதனை செய்து பார்க்கச் சொன்னார். சூடான பாதரசத்தையும் குளிர்ந்த நீரையும் கலப்பதுதான் சோதனை. தண்ணீரோடு தண்ணீரைச் சம அளவில் கலந்தால் இரண்டுக்கும் நட்டநடுவான வெப்பநிலை வரும். பாதரசத்தைக் கலந்தபோது அப்படி வரவில்லை. நடுவெப்பநிலை வர வேண்டுமானால் பருமன் கணக்கில் 2 பங்கு நீருக்கு 3 பங்கு பாதரசம் ஊற்ற வேண்டியிருந்தது.

பாதரசம் நீரைப்போல் 13 மடங்குக்கு மேல் எடை கொண்டது. எடை கூடக்கூட வெப்பமும் கூடும் என்று நினைத்திருந்தவர்களுக்கு இந்த விடை புரிந்திருக்க முடியாது. போயர்ஹாவேயோ 1732இல் வெளியிட்ட தம் நூலில் இதை வேறு மாதிரி வாசித்தார். 3:2 என்பது 1:13ஐ விட 1:1க்குத்தானே பக்கம்? ஆகவே வெப்பம் எடைப்படி அல்ல, பருமன்படி பங்கிடப்படுகிறது என்று முடிவு கட்டினார். கையில் கிடைத்த எண் பொருந்தாதபோது கோட்பாட்டை விட்டுவிடாமல் எண்ணைக் கொஞ்சம் வளைத்துக்கொள்வது பெரியவர்களுக்கும் வரும் சபலம்தான்.

சில ஆண்டுகள் கழித்து, ஸ்காட்லாந்து மருத்துவர் ஜார்ஜ் மார்ட்டின் சம பருமன் நீரையும் பாதரசத்தையும் ஒரே நெருப்பின் முன் ஒரே தூரத்தில் வைத்தார். கனமான பாதரசம் மெதுவாகச் சூடேறும் என்பதுதான் எதிர்பார்ப்பு. அது நீரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் சூடேறியது; ஆறவைத்தபோதும் அதுவே முந்தியது. நெருப்பு இரண்டுக்கும் ஒரே அளவில் வெப்பம் கொடுத்தது என்றால், பாதரசத்துக்கு அதில் பாதியளவே போதுமானதாக இருந்திருக்கிறது.

இந்த இரண்டு சோதனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஜோசப் பிளாக். ஆண்டு 1760 வாக்கில். வெப்பநிலை வேறு, வெப்பத்தின் அளவு வேறு என்பது அவருக்குத் தெளிவானது. அவருடைய கணக்கு இப்படிப் போகிறது: 100 டிகிரி நீரில் அதே பருமனுள்ள 150 டிகிரி பாதரசத்தை ஊற்றினால் 120இல் நிற்கிறது. பாதரசம் 30 டிகிரி இழந்திருக்கிறது. நீர் 20 டிகிரிதான் பெற்றிருக்கிறது. ஆனால் போனதும் வந்ததும் ஒரே வெப்பம். அப்படியானால் ஒரு டிகிரி ஏறுவதற்கு ஒவ்வொரு பொருளும் தனக்கென்று ஓர் அளவு வெப்பத்தைக் கேட்கிறது. எடையும் பருமனும் அதை முடிவு செய்வதில்லை. தன்வெப்ப ஏற்புத்திறன் பிறந்த இடம் இதுதான்.

இன்றைய அளவீட்டின்படி, ஒரே பருமனில் பாதரசம் ஏற்பது நீர் ஏற்பதில் 45 சதவீதம். ஃபாரன்ஹீட்டின் மூன்றில் இரண்டை விட, நெருப்பின் முன் கிண்ணங்களை வைத்த மார்ட்டினின் ‘ஏறக்குறைய பாதி’ உண்மைக்கு நெருக்கம்.

பிளாக் இதையெல்லாம் வகுப்பில் சொன்னாரே தவிர அச்சிடவில்லை. அவர் இறந்தபின் 1803இல்தான் விரிவுரைகள் நூலாயின. அதற்குள் ஸ்டாக்ஹோமில் வில்கே என்பவர், பிளாக்கின் வேலையை அறியாமலேயே, திட உலோகங்களை நீரில் முக்கி அளந்து 1781இல் வெளியிட்டுவிட்டார். அவர் செய்த தந்திரம் அழகானது. உலோகமும் நீரும் சம எடை. நீர் பனிக்கட்டிக் குளிர்ச்சியில், அதாவது பூச்சியத்தில். கொதிநீரின் சூட்டிலுள்ள இரும்பை இப்படிப் போட்டால் இன்றைய மதிப்புகளின்படி நீர் 10 டிகிரிக்குச் சற்றுக் கீழே நிற்கும். ஈயத்தைப் போட்டால் வெறும் 3 டிகிரி.

ஈயம் ஏன் இவ்வளவு கஞ்சம்? விடை 1819இல் பிரான்சின் டூலோங், பெட்டீ இருவரிடமிருந்து வந்தது. ஓர் அணுவைச் சூடாக்க வேண்டிய வெப்பம் பெரும்பாலான உலோகங்களுக்கு ஏறக்குறைய ஒன்றே. ஈய அணு கனமானது. ஆகவே ஒரு கிராம் ஈயத்தில் அணுக்கள் குறைவு. அணுக்கள் குறைந்தால் வெப்பமும் குறைவு. கிராம் கணக்கில் உலோகத்துக்கு உலோகம் எண் மாறுவது இதனால்தான். நீரை வைத்து உலோகத்தை அடையாளம் காண முடிவதும் இதனால்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 60 கிராம் செம்புக் கலோரிமீட்டரில் 150 கிராம் நீர், 28 டிகிரியில். 200 கிராம் மர்ம உலோகம், 100 டிகிரியில். போட்டுக் கலக்கியதும் 36.5இல் நின்றது. நீர் பெற்றது 150 × 4.18 × 8.5, அதாவது சுமார் 5,330 ஜூல். பாத்திரமும் சூடேறியிருக்கிறது, அதற்கு 60 × 0.39 × 8.5, சுமார் 199 ஜூல். இதைப் பலரும் விட்டுவிடுவார்கள். மொத்தம் 5,529. உலோகம் இறங்கியது 63.5 டிகிரி. ஆக 5,529ஐ 200 × 63.5ஆல் வகுத்தால் 0.435 கிடைக்கிறது.

அட்டவணையில் இரும்புக்கு 0.45, நிக்கலுக்கு 0.44. இப்போது 0.435ஐ வைத்துக்கொண்டு நிக்கல் என்று எழுதிவிடக் கூடாது. வெப்பநிலைமானியை அரை டிகிரி கூட்டிப் படித்திருந்தால் விடை 0.465 ஆகியிருக்கும். கொதிநீரிலிருந்து கலோரிமீட்டருக்கு வருவதற்குள் உலோகம் காற்றில் ஆறியிருந்தால் விடை குறையும். துடைக்காமல் போட்டு ஒரே ஒரு கிராம் கொதிநீர் ஒட்டிக்கொண்டு வந்தாலும் அது 265 ஜூல் சேர்க்கும். விடை 5 சதவீதம் கூடும். ஒன்று குறைக்க, ஒன்று கூட்ட, இரண்டும் சமமாகிப் புத்தக மதிப்பே வந்துவிடும் நாளும் உண்டு. அந்த விடையை நான் நம்பமாட்டேன்.

ஒட்டும் நீருக்கு வழி, உலோகத்தை நீரில் முக்காமல் நீராவி சூழ்ந்த உலர்ந்த குழாயில் சூடாக்குவது. 19ஆம் நூற்றாண்டில் ரெனோ அப்படித்தான் அளந்தார். அறைக்குப் போகும் வெப்பத்துக்கு வழி ரம்ஃபோர்டு சொன்னது: நீர் எத்தனை டிகிரி ஏறும் என்று முன்கூட்டிக் கணித்து, அதில் பாதியளவு அறை வெப்பநிலைக்குக் கீழே தொடங்குவது. முதல் பாதியில் அறை கொடுப்பதும் பின்பாதியில் எடுப்பதும் பெரும்பாலும் சரிக்கட்டிவிடும். பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் போட்டால் மட்டும் எந்தத் திருத்தமும் உதவாது. ஆவியாகிப் போன நீர் எத்தனை கிராம் என்று தெரியாதபோது கணக்கே இல்லை.

இவ்வளவு கவனமாகச் செய்தாலும் தன்வெப்பம் மட்டுமே சாட்சியாகப் போதாது. அலுமினியத்தையும் ஈயத்தையும் அது ஐயமின்றிப் பிரித்துக் காட்டும். செம்பு, துத்தநாகம், பித்தளை மூன்றும் 0.38, 0.39 என்று நெருக்கியடித்து நிற்கும். ஆகவே துண்டை வெளியே எடுத்ததும் அளவுசாடியில் போட்டுப் பருமனையும் பார்த்துவிடுங்கள். நம் 200 கிராம் துண்டு 25 மில்லிலிட்டருக்குச் சற்று மேல் நீரை உயர்த்தினால் அது இரும்பு. இருபத்திரண்டரை என்றால் நிக்கல்.