நெடுந்தூர வெளிநாட்டு விமானப் பயணம்: புறப்படும் முன் செல்பேசியில் செய்ய வேண்டியவை

மும்பையில் இருந்து துபாய் வழியாக நியூயார்க் செல்லும் பயணி ஒருவர் துபாய் வரை சுமார் 3 மணி நேரமும், அங்கிருந்து நியூயார்க் வரை சுமார் 14 மணி நேரமும் வானில் இருக்கிறார். இடைநிறுத்தக் காத்திருப்பையும் இரு முனைகளிலும் நடைபெறும் சோதனைகளையும் சேர்த்தால் ஏறத்தாழ ஒரு முழு நாள் ஆகிவிடும். அந்த ஒரு நாளில் இணையம் கிடைக்கும் என்றோ, மின்னேற்ற வசதி கிடைக்கும் என்றோ உறுதியாகச் சொல்ல முடியாது. எனவே இரண்டும் கிடைக்காது என்று வைத்துக்கொண்டே செல்பேசியை ஆயத்தம் செய்வது நல்லது.

புறப்படுவதற்கு முந்தைய நாள் இரவு, வீட்டில் வைஃபை இருக்கும்போதே பதிவிறக்கங்களை முடித்துவிட வேண்டும். திரைப்படங்களும் பாடல்களும் இருக்கட்டும். முதலில் சேமிக்க வேண்டியவை விசா, பயணச்சீட்டு, காப்பீட்டு ஆவணம், தங்கும் விடுதியின் முன்பதிவு ஆகியவையே. இவை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ இருப்பதால் கைவசம் இருப்பதாகப் பலரும் எண்ணுகின்றனர். ஆனால் மின்னஞ்சல் இணைப்பு பெரும்பாலும் திறக்கும் நேரத்தில்தான் பதிவிறங்கும். பிடிஎஃப் கோப்பாகச் செல்பேசியின் சேமிப்பகத்தில் வைத்தால் மட்டுமே இணையமின்றித் திறக்கும். சென்று சேரும் நகரத்தின் வரைபடத்தையும் கூகுள் மேப்ஸில் முன்னதாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். அமெரிக்கா செல்வோர் தங்குமிட முகவரியைத் தாளிலும் எழுதி வைத்திருக்க வேண்டும். அங்கு குடிவரவுச் சோதனை நடைபெறும் பகுதியில் செல்பேசி பயன்படுத்த அனுமதி இல்லை.

ஓடிடி செயலிகளில் பதிவிறக்கிய படங்களுக்குக் காலவரம்பு உண்டு. சிலவற்றில், ஒருமுறை பார்க்கத் தொடங்கியதும் குறுகிய நேரத்தில் அவை காலாவதியாகிவிடும். மாதக்கணக்கில் திறக்காத செயலி, மீண்டும் உள்நுழையுமாறு கேட்கக்கூடும். இணையம் இல்லாத நிலையில் அது இயலாது.

இவை அனைத்தையும் சரிபார்க்க எளிய வழி ஒன்று உள்ளது. படுக்கச் செல்லும் முன் செல்பேசியை ‘ஃபிளைட் மோட்’ நிலைக்கு மாற்றி, வைஃபையும் அணைந்திருப்பதை உறுதிசெய்த பின், ஒவ்வொரு கோப்பையும் படத்தையும் வரைபடத்தையும் திறந்து பார்க்க வேண்டும். திரையில் ஏற்றச் சக்கரம் சுழன்றுகொண்டே இருந்தால் அது பதிவிறங்கவில்லை என்று பொருள். வீட்டில் தெரியவந்தால் ஐந்து நிமிட வேலை. நடுவானில் தெரியவந்தால் தீர்வே இல்லை.

அடுத்தது சிம் அட்டை. வெளிநாட்டு சிம்முக்கு இடம் தருவதற்காக இந்திய சிம்மைக் கழற்றிவிடுவது வழக்கமான தவறு. வங்கியின் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். யுபிஐ செயலிகளும் அந்த சிம்முடன் பிணைக்கப்பட்டவை. இந்திய சிம் உள்ளேயே இருக்க, வெளிநாட்டு இணையத்துக்கு இ-சிம் பயன்படுத்துவது வசதியானது. செல்பேசி இ-சிம்மை ஏற்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். அதை நிறுவ இணையம் தேவை என்பதால், அந்தப் பணியையும் வீட்டிலேயே முடித்துவிட வேண்டும்.

இங்கு இரண்டு அமைப்புகள் அடிக்கடி ஒன்றாகக் குழப்பிக்கொள்ளப்படுகின்றன. பன்னாட்டு ரோமிங் சேவை என்பது தொலைத்தொடர்பு நிறுவனம் அளிப்பது. அது செயல்பாட்டில் இருந்தால்தான் வெளிநாட்டில் குறுஞ்செய்தி வந்து சேரும். செல்பேசி அமைப்புகளில் காணப்படும் `Data Roaming` வேறு. அது இணையத் தரவுக்கு மட்டுமானது. முன்னதை நாட்டை விட்டுப் புறப்படும் முன் செயல்படுத்திவிட்டு, பின்னதை இந்திய சிம்முக்கு அணைத்து வைத்தால், ஓடிபி வரும். தரவுக் கட்டணம் ஏறாது.

ஃபிளைட் மோட் பற்றி இந்தியப் பயணிகளுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நிலையில் மின்னணுச் சாதனங்களைப் பயணம் முழுவதும் பயன்படுத்த விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2014-ம் ஆண்டிலேயே அனுமதி அளித்துவிட்டது. ஆனால் அதை மறப்பவர்களுக்கு நேரும் பணச் செலவு பற்றிப் பலரும் அறியார். நெடுந்தூர விமானங்கள் சிலவற்றில் செயற்கைக்கோள் வழியாக இயங்கும் சிறிய செல்பேசி நிலையம் விமானத்துக்குள்ளேயே உள்ளது. ரோமிங் இயங்கும் நிலையில் ஃபிளைட் மோட் போடாத செல்பேசி, பையில் இருந்தபடியே அந்த வலையமைப்புடன் இணைந்துகொள்ளும். செயலிகள் தாமாகவே தரவை இழுக்கும். நாடுகளுக்கான சாதாரண ரோமிங் திட்டங்கள் பலவற்றில் வானில் ஆகும் இந்தச் செலவு அடங்குவதில்லை. தனித் திட்டம் தேவைப்படும். திரையின் மேற்புறத்தில், நடுவானில், முன்பின் அறியாத நிறுவனத்தின் பெயருடன் சமிக்ஞைக் கோடுகள் தெரிந்தால் இதுவே காரணம்.

ஃபிளைட் மோட் போட்ட பிறகு வைஃபையையும் புளூடூத்தையும் மட்டும் தனியே இயக்கிக்கொள்ளலாம். விமானத்தின் வைஃபைக்கு இந்திய வங்கி அட்டையால் பணம் செலுத்த முயல்வோர் ஓடிபி கேட்கும் இடத்தில் சிக்கிக்கொள்கின்றனர். சிம் அணைந்திருப்பதால் குறுஞ்செய்தி வராது. விமான நிறுவனம் அனுமதித்தால் வைஃபை கட்டணத்தை வீட்டில் இருந்தே செலுத்திவிடுவது மேல். கடிகாரத்தையும் கவனிக்க வேண்டும். துபாய் நேரம் இந்திய நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. ஃபிளைட் மோடிலேயே இருக்கும் செல்பேசி இந்திய நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கலாம். அடுத்த விமானத்தின் நேரத்தை நிலையத்தின் அறிவிப்புப் பலகையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மின்னேற்றத்தில் நிலைமை அண்மையில் மாறியுள்ளது. பவர் பேங்க் எப்போதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்குப் பெட்டியில் வைக்கக் கூடாது. 100 வாட்-மணி வரை பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை; 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும்; அதற்கு மேல் எடுத்துச் செல்ல இயலாது. மேலுறையில் `Wh` அளவு இல்லாவிட்டால், `mAh` எண்ணை 3.7-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுக்க வேண்டும். 20,000 எனில் 74 வாட்-மணி, கவலையில்லை. 30,000 எனில் 111. முன்னரே கேட்டாக வேண்டும். அச்சிட்ட எண் அழிந்துபோன பவர் பேங்கை சோதனைச் சாவடியில் பறிகொடுக்க நேரலாம்.

எடுத்துச் செல்ல அனுமதி உண்டு என்பதால் பயன்படுத்தவும் அனுமதி உண்டு என்று கொள்ள முடியாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதலும், எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1 முதலும் விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்பாட்டைத் தடை செய்தன. எமிரேட்ஸில் ஒருவருக்கு ஒன்று, அதுவும் 100 வாட்-மணிக்குக் குறைவானது மட்டுமே. ஆகவே மேற்கூறிய மும்பைப் பயணி வீட்டில் இருந்து முழு மின்னேற்றத்துடன் கிளம்பி, துபாய் காத்திருப்பின்போது நிலையத்தின் சுவர்ச் செருகியில் மீண்டும் ஏற்றிக்கொள்ள வேண்டும். துபாயின் செருகிகள் மூன்று பட்டை முனைகள் கொண்ட பிரிட்டன் வகையைச் சேர்ந்தவை. அமெரிக்காவில் தட்டையான இரு முனைகள். இரண்டுக்கும் பொருந்தும் அடாப்டர் கைப்பையில் இருக்கட்டும். இருக்கையில் உள்ள யுஎஸ்பி துளை பெரும்பாலும் மெதுவாகவே ஏற்றும். படம் பார்த்துக்கொண்டே ஏற்றினால் அளவு உயராமலே நிற்கக்கூடும்.

மின்னேற்றம் தீர்ந்த செல்பேசியால் வேறொரு சிக்கலும் உண்டு. அமெரிக்கா, பிரிட்டன் செல்லும் பயணிகளிடம் பாதுகாப்புப் பணியாளர்கள் சாதனத்தை இயக்கிக் காட்டச் சொல்லலாம். இயங்காத சாதனத்தை விமானத்தில் ஏற்ற அனுமதி மறுக்கப்படலாம்.

உறங்கும்போது செல்பேசி இருக்கையின் இடுக்கில் விழுந்துவிட்டால், அதைத் தேடி இருக்கையைச் சாய்க்கவோ நகர்த்தவோ கூடாது. நசுங்கிய லித்தியம் மின்கலம் தீப்பற்றும். அப்படியே எழுந்து நின்று பணிப்பெண்ணையோ பணியாளரையோ அழைக்க வேண்டும். அதை எடுத்துத் தருவதற்கு அவர்கள் பயிற்சி பெற்றவர்கள்.