கியூசம்

‘கியூமுலேட்டிவ் சம்’ என்ற தொடரைச் சுருக்கியது ‘கியூசம்’. திரள் கூட்டுத்தொகை என்று பொருள். 1954இல் இ. எஸ். பேஜ் தொழிற்சாலைத் தரக் கண்காணிப்புக்கு இம்முறையை முன்வைத்தார். ஓர் உறவு காலப்போக்கில் மாறியதா என்று சோதிக்க, பிரௌன், டர்பின், எவன்ஸ் ஆகியோர் 1975இல் இதைத் தொடர்புப் போக்கு ஆய்வுக்குள் கொண்டுவந்தனர்.

அஸ்வானில் அளந்த நைல் நதியின் ஆண்டு நீர்வரத்தை (1871–1970) எடுத்துக்கொள்வோம். 1898 வரை சராசரி ஏறத்தாழ 11,000 கோடி கன மீட்டர். பிறகு 8,500 கோடி. ஒவ்வோர் ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டுகளை மட்டும் வைத்துச் சராசரியைப் புதிதாகக் கணக்கிடுகிறோம். இதுவே மீள்தொடர் மதிப்பீடு. அந்த ஆண்டின் வரத்திலிருந்து அதைக் கழித்தால் எச்சம் கிடைக்கும். எச்சங்களைத் தரப்படுத்திக் கூட்டிக்கொண்டே போவதுதான் கியூசம்.

சராசரி மாறாதவரை கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று ஈடுகட்டும். கூட்டுத்தொகை பூஜ்யத்தைச் சுற்றியே அலையும். 1899 முதல் எச்சங்கள் பெரும்பாலும் எதிர்மறையாகவே வருவதால் கூட்டுத்தொகையைக் காட்டும் கோடு கீழே சரிகிறது. முன்கூட்டியே வரைந்துவைத்த எல்லைக்கோட்டை அது தாண்டினால் சராசரி நிலையாக இல்லை என்று முடிவு செய்யலாம்.

தாண்டிய ஆண்டே மாறிய ஆண்டு என்று கொள்ளக்கூடாது. கூட்டுத்தொகை எல்லையை எட்டப் பல ஆண்டுகள் பிடிக்கும். கோடு வளையத் தொடங்கிய இடமே மாற்றத்தைக் காட்டும். தரவின் கடைசிப் பகுதியில் நேர்ந்த மாற்றம், எல்லையை எட்டுமுன்பே தரவு முடிந்துவிடுவதால், பிடிபடாமலும் போகலாம்.