ஏழு கிலோ அறுநூறு கிராம்

இரண்டு ஆண் குழந்தைகள். இருவருக்கும் இன்றோடு சரியாக ஒரு வயது. தராசில் ஏற்றினால் இருவரும் 7.6 கிலோ. ஒரு வயதுப் பையனுக்கு எடைக் கோடு 7.7 கிலோவில் ஓடுவதால் இருவருமே ‘எடைக் குறைவு’ என்ற ஒரே பட்டியலில் விழுகிறார்கள். படுக்க வைத்து அளந்தால் கதை மாறுகிறது. முதல் பையன் 70 சென்டிமீட்டர், இரண்டாமவன் 75. முதலாமவன் வயதுக்குக் குட்டை, ஆனால் அந்த உயரத்துக்கு ஏற்ற சதை இருக்கிறது. இரண்டாமவன் வயதுக்கேற்ற நீளம், ஆனால் தோலும் எலும்பும். முன்னவனுக்கு வளர்ச்சிக் குன்றல், பின்னவனுக்கு உடல் மெலிவு. மாதக்கணக்கான குறை ஒருவனிடம் தேங்கி நிற்கிறது. மற்றவன் அண்மையில்தான் எதையோ இழந்திருக்கிறான், அவனைத்தான் உடனே கவனிக்க வேண்டும்.

தராசு ஒன்றாகக் காட்டியதை இரண்டாகப் பிரிக்கும் எண்ணுக்குப் பெயர் இசட் ஸ்கோர். அங்கன்வாடியின் அளவைப் பலகைவரை அது வந்து சேர்ந்த பாதை நேரானது இல்லை.

பிரான்சில் மொன்பெயார் என்ற பிரபு 1759இல் பிறந்த தன் மகனைப் பதினெட்டு வயது வரை விடாமல் அளந்து எழுதிவைத்தார். இயற்கை வரலாற்றாளர் புஃபோன் தம் நூலில் அந்த அளவுகளை வெளியிட்டார். குழந்தை வளர்வதை எண்களால் தொடர்ந்த முதல் பதிவுகளில் இது ஒன்று. ஆனால் ஒரே ஒரு பிள்ளை. ‘இவன் சாதாரணமாக வளர்கிறானா’ என்று கேட்டால் ஒப்பிட இன்னொருவன் வேண்டுமே!

அந்த ‘இன்னொருவனை’க் கொண்டுவந்தவர் ஒரு வானியல்காரர். பெல்ஜியத்தின் கெட்லே. ஒரே விண்மீனைப் பலமுறை அளந்தால் பிழைகள் மணி வடிவத்தில் குவியும் என்பது வானியலாருக்குத் தெரிந்த விஷயம். கெட்லே ஸ்காட்லாந்துப் படைவீரர்களின் மார்புச் சுற்றளவுகளை எடுத்து வரைந்துபார்த்தார். அதே மணி! விண்மீனின் பிழைக்காக உருவான கணக்கு மனித உடலுக்குள் புகுந்தது இப்படித்தான். நடுவிலிருந்து அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதற்கு ‘திட்ட விலக்கம்’ என்ற பெயரை 1890களில் வைத்தவர் லண்டனின் கார்ல் பியர்சன். ஒரு குழந்தை நடுக்கோட்டிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறது என்பதே இசட் ஸ்கோர். நடுவில் நின்றால் 0, கீழே போனால் கழித்தல் குறி.

மருத்துவர்கள் இதை உடனே எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்குப் பிடித்தது சதவீதம். மெக்சிகோ நகரக் குழந்தைகள் மருத்துவமனையின் ஃபெடெரிகோ கோமஸ், வயதுக்கு இருக்க வேண்டிய எடையில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று பார்த்து முதல், இரண்டாம், மூன்றாம் நிலை என்று குழந்தைகளைப் பிரித்தார். 60 சதவீதத்துக்குக் கீழே போனால் மூன்றாம் நிலை. 1956இல் வெளியான அவருடைய கட்டுரைக்குப் பின் அந்த முறை உலகம் சுற்றியது. எளிது என்பதால் பலரும் அதை ஒட்டியே தங்கள் வகைப்பாடுகளைச் செய்துகொண்டார்கள். ஆனால் நம் இரு பையன்களையும் கோமஸ் ஒரே பெட்டியில்தான் போட்டிருப்பார். பிறந்த தேதி தெரியாத ஊரில் அவர் முறை இன்னும் திண்டாடும்.

இந்தப் பெட்டியைப் பிளந்தவர் ஜமைக்காவில் நெடுநாள் பணியாற்றிய ஜான் வாட்டர்லோ. அங்கே பட்டினியால் வாடிய குழந்தைகளை வார்டில் வைத்துத் தேற்றி அனுப்பிய அனுபவம் அவருக்கு உண்டு. தேறிய குழந்தைகளின் எடை மளமளவென்று ஏறும். உயரமோ அப்படித் தாவுவதில்லை. ஆகவே இரண்டும் இரண்டு நோய்க்கதைகள் என்று கருதி, 1970களின் தொடக்கத்தில் மெலிவையும் குன்றலையும் தனித்தனியே வகைப்படுத்தினார். ஏறக்குறைய அதே வேளையில் சியோவேன், லேதம் என்ற இருவரும் இதையே சொன்னார்கள். நிலைத்தவை வாட்டர்லோவின் சொற்கள்தான். மெலிவைக் காண உயரத்துக்கேற்ற எடை போதும், வயதே வேண்டாம்.

வாட்டர்லோவும் முதலில் சதவீதத்தைத்தான் பயன்படுத்தினார். அதில் ஒரு குழி இருந்தது. 70 சென்டிமீட்டர் பையனின் நடு எடை 8.4 கிலோ. அதில் 90 சதவீதம் ஏறக்குறைய 7.6, அதாவது −1.3, கவலைப்பட ஒன்றுமில்லை. ஒரு வயதுப் பையனின் நடு நீளம் 75.7 சென்டிமீட்டர். அதில் 90 சதவீதம் 68.1; இதுவோ −3க்கும் கீழே! உயரம் மிகக் குறைவாகவே சிதறும், எடை அதிகம் சிதறும். ஆகையால் ஒரே சதவீதம் இரண்டு வேறு பொருள் தருகிறது. 1977இல் வாட்டர்லோவும் சக ஆய்வாளர்களும் உலக சுகாதார நிறுவன இதழில் இசட் ஸ்கோரைப் பரிந்துரைத்தார்கள். −2க்குக் கீழே மெலிவு அல்லது குன்றல், −3க்குக் கீழே கடுமையானது. −2 என்பது உடலில் ஏதோ முறியும் புள்ளி இல்லை. நன்றாக வளரும் நூறு குழந்தைகளில் இரண்டு பேர் இயல்பாகவே அங்கே விழுவார்கள். ஒரு கோடு தேவைப்பட்டது, போட்டார்கள்.

சரி, யாருடைய குழந்தைகளை வைத்து நடுக்கோட்டைப் போட்டார்கள்? இங்கேதான் பெரிய விபத்து. கைக்கு எட்டியது அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து யெல்லோ ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் ஃபெல்ஸ் நிறுவனம் பல்லாண்டு சேர்த்திருந்த அளவுகள். நடுத்தர வசதியுள்ள வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள், பெரும்பாலும் புட்டிப்பால் குடித்தவர்கள். உலகத்துக்கே அதுதான் அளவுகோல் ஆயிற்று. தாய்ப்பால் குடிக்கும் குழந்தை சில மாதங்கள் கழிந்ததும் அந்தக் கோட்டிலிருந்து சறுக்குவதாகத் தெரியும். ‘பால் போதவில்லை’ என்று புட்டியை நீட்டத் தூண்டியது அந்த வரைபடம். இன்னொரு வேடிக்கை: இரண்டு வயதுக்கு மேல் அது வேறொரு அமெரிக்க ஆய்வின் அளவுகளுக்குத் தாவும். எனவே இரண்டாவது பிறந்தநாளுக்கு முந்தின நாள் குன்றியிருந்த பிள்ளைகள் சிலர், மறுநாள் சரியாகிவிட்டதாகக் கணக்கு காட்டியது!

1980இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இந்தத் தொல்லையில் பாதியைச் சுற்றிப் போனது. சிறு குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாமல் நின்றவர்களுக்குச் சத்துணவு கொடுத்தார்கள். ஒப்பீடு வேறு பிள்ளைகளோடு மட்டும் இல்லை, அதே குழந்தையின் போன மாதத்தோடும்.

ஒஹையோக் கோட்டை மாற்ற, 1997 முதல் 2003 வரை பிரேசிலின் பெலோட்டாஸ், கானாவின் அக்ரா, நம் தெற்கு டெல்லி, ஓஸ்லோ, மஸ்கட், கலிஃபோர்னியாவின் டேவிஸ் ஆகிய ஆறு இடங்களில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்தார்கள். புகைபிடிக்காத தாய், தாய்ப்பால், நல்ல வசதி என்பவை நிபந்தனை. டெல்லிக் குழந்தையும் ஓஸ்லோக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி நீண்டார்கள். 2006இல் வெளியான புதிய அளவுகோல் அதுதான்; இன்று நாம் பயன்படுத்துவதும் அதுவே.

அந்த அளவுகோலில் நம் முதல் பையன் வயதுக்கேற்ற நீளத்தில் −2.4, நீளத்துக்கேற்ற எடையில் −1.3. இரண்டாமவன் நீளத்தில் −0.3, எடையில் −2.8.

இந்த இரண்டாமவனை மட்டும் மீண்டும் பலகையில் கிடத்துவோம். தலையைப் பிடிக்க ஒருவர், முழங்காலை அழுத்தி நேராக்க ஒருவர், ஆக இரண்டு பேர் வேண்டும். ஒரே ஆளாக நின்று அளக்கும் பணியாளரிடம் அவன் கத்தி உதைத்து முழங்காலை மடக்கிக்கொள்கிறான். பலகை 72 என்று காட்டுகிறது. மூன்று சென்டிமீட்டர் போயிற்று. 72 சென்டிமீட்டருக்கு 7.6 கிலோ என்றால் −2 கோட்டின் விளிம்பு. அவன் மெலிவுப் பட்டியலிலிருந்து நழுவுகிறான். குன்றல் பட்டியலிலும் சேரவில்லை. பதிவேட்டில் எடைக் குறைவு என்று மட்டும் ஏறுகிறது, கோமஸ் எழுதியிருக்கக்கூடியதைப் போலவே. பாதம் வீங்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: நீர் கோத்த எடை தராசில் சதையாகக் கணக்காகும். அதனால்தான் எண்ணைப் பார்ப்பதற்கு முன், கட்டைவிரலால் இரு பாதங்களின் மேலும் மூன்று நொடி அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள்.